ஐந்து நிமிடமும் ஒரு கேள்வியும்
(நூற்றாண்டு விழாத் தொடரில், தம்புள்ளையில் நடந்த தொழில்முயற்சிப் பட்டறையில் ஆற்றிய உரை)



எங்கள் இருவரையும் ஒன்றாக மேடையேற்றியதற்கு ஒரு காரணம் உண்டு. பாடசாலை நாட்களில் ஒருத்தி எழுதிக் கொடுக்க மற்றவள் பேசுவாள். அந்தப் பழக்கம் முப்பது வருடமாகியும் போகவில்லை. இப்போது பெண்கள் குழுக்கள் முதலீட்டாளர் முன் நின்று பேசும் ஐந்து நிமிட உரையை எழுதிக் கொடுக்கிறோம். அதை 'பிட்ச்' என்கிறார்கள். கொழும்பில் நடக்கும் டிஸ்ரப்ட் ஏஷியா போன்ற மேடைகளாலும், யாழ்ப்பாணத்து யாழ் கீக் சலஞ்ச் போட்டியாலும் அந்தச் சொல் எங்கள் பிள்ளைகளுக்கு இன்று நன்றாகப் பழகிவிட்டது. பேச்சுப் போட்டிக்கு எழுதுவதுபோல இதையும் எழுதிவிடலாம் என்றுதான் தொடங்கினோம். அந்த எண்ணத்தோடு நாங்கள் எழுதிய முதல் உரை எப்படித் தோற்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இன்று சொல்லப்போவது முழுவதும் அதிலிருந்துதான் வந்தது.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை உங்களில் பலர் வீதியில் இருந்தாவது பார்த்திருப்பீர்கள். 1999இல் திறக்கப்பட்ட இடம். கண்டி–யாழ்ப்பாண வீதியும் அம்பேபுஸ்ஸ–திருகோணமலை வீதியும் இந்த ஊரில்தான் சந்திக்கின்றன. ஆகவே மலைநாட்டுக் கரட்டும் லீக்ஸும், சுற்றுக் கிராமங்களின் போஞ்சியும் தக்காளியும் கறிமிளகாயும் இங்கே வந்துதான் மறுபடி லொறி ஏறுகின்றன. எல்லாம் மூட்டையில். மூட்டைக்கு மேல் மூட்டை, அதற்கு மேல் ஆள். இறக்கும்போது அடியில் கிடந்த மூட்டையிலிருந்து தக்காளிச் சாறு வடியும்.

எங்களிடம் வந்த குழுவில் மூன்று பெண்கள். பெயர் சொல்லவில்லை, அவர்கள் அனுமதித்தாலும் சொல்லமாட்டோம். மூட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கூடையை விவசாயிக்கு வாடகைக்குக் கொடுத்து, சந்தையில் வெறுங்கூடையைத் திரும்பப் பெற்று, கழுவி மறுபடி கொடுப்பது அவர்கள் தொழில். நகையை அடகு வைத்து நூறு கூடை வாங்கி நடத்திப் பார்த்தும் இருந்தார்கள். கணக்கு விளங்குவதற்காக அவர்களுடைய எண்களைச் சற்று முழுமையாக்கித்தான் இங்கே சொல்கிறோம்.

நாங்கள் எழுதிக் கொடுத்த உரை அழகாக இருந்தது என்று இன்றும் நினைக்கிறோம். 'விவசாயமே நாட்டின் முதுகெலும்பு' என்று தொடங்கியது. அறுவடைக்குப் பின் 30 முதல் 40 வீதம் வீணாகிறது என்று பல அறிக்கைகளில் உள்ள எண்ணைச் சொன்னது. 'உங்கள் ஆதரவையும் ஆசீர்வாதத்தையும் எதிர்பார்த்து நிற்கிறோம்' என்று முடிந்தது. கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு முதலீட்டாளர் வந்து, "நல்லது தங்கச்சி, உங்களுக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டார். ஒருத்தி இருபது இலட்சம் என்றாள். அதே நேரத்தில் மற்றவள் முப்பது என்றாள். மூன்றாமவள், "நீங்கள் தாறதைத் தாங்கோ ஐயா" என்றாள். அவர் சிரித்துவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார். அவ்வளவுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பிள்ளைகள் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்த மூன்று பதில்களும் அவர்களுடைய பிழை அல்ல, எங்கள் உரையின் பிழை. கேட்க வேண்டியதை உரையில் எழுதாததால், ஆளுக்கொரு எண்ணை மனதில் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் உரையைப் பின்னாலிருந்து எழுதுகிறோம். முதலில் எழுதுவது கடைசி வசனம்.

கடைசி வசனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. வீட்டு அறையை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி நிறுவனத்தைத் தெரிந்திருப்பீர்கள். அதன் தொடக்க கால பிட்ச் படங்கள் இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றன. அதன் கடைசிப் பகுதி சொல்வது இவ்வளவுதான்: பன்னிரண்டு மாதத்துக்கு ஐந்து இலட்சம் டொலர் வேண்டும், அந்தப் பணத்தில் 80,000 பதிவுகளை எட்டுவோம், ஒரு பதிவுக்குச் சராசரி 25 டொலர் கட்டணம், ஆக இருபது இலட்சம் டொலர் வருமானம். இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொகை இருக்கிறது, காலம் இருக்கிறது, அந்தக் காலம் முடியும்போது வெளியாள் ஒருவர் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. 'சந்தையை விரிவாக்குவோம்' என்பதை யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது. 80,000 பதிவு நடந்ததா இல்லையா என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

அதே நிறுவனத்திடமிருந்து இன்னொன்றும் கற்கலாம். 2008ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அவர்கள் ஏழு முதலீட்டாளர்களிடம் ஒன்றரை இலட்சம் டொலர் கேட்டார்கள். நிறுவனத்தின் மதிப்பைப் பதினைந்து இலட்சம் டொலராக வைத்துத்தான் கேட்டார்கள், அதாவது பத்து வீதப் பங்கு. ஐந்து பேர் மறுத்துவிட்டார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. தெளிவாகக் கேட்டால் பணம் கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். தெளிவாகக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். 'இல்லை' என்பதும் ஒரு பதில்தானே. கைதட்டல் பதில் இல்லை.

இனி நம் கூடைக்கு வருவோம். எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்ய மூவரையும் உட்காரவைத்தோம். வழக்கமாக எல்லோரும் செய்வது, ஒரு பெரிய தொகையை நினைத்துவிட்டு அதற்குச் செலவுப் பட்டியல் தேடுவது. நாங்கள் வேறு ஒன்றைக் கேட்டோம்: "இந்தத் தொழிலைக் கொல்லக்கூடிய எண் எது?"

கொஞ்சம் கணக்குப் போடுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடை இரண்டாயிரம் ரூபா. அது தோட்டத்துக்குப் போய், மரக்கறியோடு சந்தைக்கு வந்து, வெறுமையாகத் திரும்புவது ஒரு சுற்று. சுற்றுக்கு வாடகை 35 ரூபா. கழுவுவது, வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவருவது, கணக்கெழுதுவது எல்லாம் சேர்ந்து 15 ரூபா. மிச்சம் 20. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூடை ஒவ்வொரு முறையும் திரும்பி வருமா? நூறு சுற்றுக்கு ஒரு கூடை தொலைந்தால், அந்த இரண்டாயிரத்தை நூறு சுற்றில் பகிர்ந்து பாருங்கள், சுற்றுக்கு 20 ரூபா. மிச்சம் முழுவதும் போய்விட்டது. ஆகவே விலையோ, போட்டியோ, விவசாயியின் விருப்பமோ அல்ல, நூற்றுக்கு எத்தனை கூடை தொலைகிறது என்பதே இந்தத் தொழிலின் உயிர்நிலை.

"உங்களுடைய எண் என்ன?" என்று கேட்டோம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மூத்தவள் பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தாள். முதல் இரண்டு வாரம் நம்பிக்கையில் கொடுத்தார்களாம். முந்நூறு சுற்றில் ஒன்பது கூடை போய்விட்டது. நூற்றுக்கு மூன்று. அது வெட்கம் என்று எங்களிடமே மறைத்திருந்தார்கள், அதனால் முதல் உரையில் அது இல்லை. பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? கூடை தொலைவது விவசாயியிடம் அல்ல, மரக்கறியை வாங்கும் கடையில் என்பதைக் கண்டுபிடித்தார்கள். கடை முதலாளியிடம் கூடைக்கு 500 ரூபா வைப்புப் பணம் வாங்கத் தொடங்கினார்கள், கூடை வந்தால் பணம் திரும்பும். போன ஒன்பதையும் வாங்கி நிரப்பி எட்டு வாரம் ஓட்டினார்கள். 1,200 சுற்றில் மூன்று கூடைதான் தொலைந்தது. நானூறுக்கு ஒன்று. சுற்றுக்கு ஐந்து ரூபாச் செலவு, மிச்சம் 15.

அக்காமாரே, இதைத்தான் நாங்கள் 'முதுகெலும்பு'க்கு அடியில் புதைத்து வைத்திருந்தோம்! பணம் போடப்போகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த ஒன்பதும் மூன்றும்தான். தோல்வியை மறைத்த உரையில், மூன்று கூடை மட்டும் தொலைந்தது என்று சொன்னால், யாரும் நம்பமாட்டார்கள். ஒன்பது போனது, ஏன் போனது, என்ன செய்தோம், பிறகு மூன்றுதான் போனது என்று சொல்லும்போது, கேட்பவர் அந்தச் சந்தையில் உங்களோடு நடந்து வந்துவிடுகிறார். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று என்பது சின்ன எண். அதிர்ஷ்டம் சற்று மாறியிருந்தால் ஏழு எட்டாகவும் இருந்திருக்கலாம். எட்டு என்றாலும் சுற்றுக்கு ஏழு ரூபா அளவில் மிஞ்சும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்தோம், ஏனென்றால் கேள்வி நேரத்தில் அது வரும் என்று தெரியும்.

அந்த எண் கிடைத்ததும் தொகை தானாக அமைந்தது. 1,500 கூடை வாங்க 30 இலட்சம். கழுவும் இடமும் தண்ணீர்த் தொட்டியும் ஆறு இலட்சம். கூடைகள் முழுச் சுற்றுக்கு வரும்வரை ஒன்பது மாதச் சம்பளமும் லொறி வாடகையும் ஒன்பது இலட்சம். மொத்தம் 45 இலட்சம். ஆனால் நூறு கூடையில் நடந்தது ஆயிரத்து ஐந்நூறிலும் நடக்குமா என்பது அவர்களுக்கே தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத முடியாது. ஆகவே கேட்பதையே இரண்டாகப் பிரித்தோம். இப்போது 18 இலட்சம், அதில் 500 கூடையும் கழுவுமிடமும். ஐந்தாம் மாதம் 27 இலட்சம், தொலைவு இருநூறுக்கு ஒன்றுக்குக் கீழ் இருந்தால் மட்டும்.

பங்கு எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் அதிக நேரம் போயிற்று. 45 இலட்சத்துக்குப் பதினைந்து வீதம் கொடுப்போம் என்றாள் இளையவள். கேட்பவர் அந்தக் கணமே மனதில் வகுத்துப் பார்ப்பார், முழுத் தொழிலின் மதிப்பு மூன்று கோடி என்று வரும். 1,500 கூடை, மாதம் ஆறு சுற்று, சுற்றுக்கு 15 ரூபா என்றால் மாதம் ஒரு இலட்சத்து 35 ஆயிரம், வருடத்துக்குப் பதினாறு இலட்சம் சொச்சம்தான். அதற்கு மூன்று கோடியா என்று அவர் முகம் சுருங்கினால் பிறகு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. இருபத்தைந்து வீதம் என்றால் மதிப்பு ஒரு கோடியே 80 இலட்சம். அதுவும் கூடத்தான். தம்புத்தேகம, கெப்பெட்டிபொல பொருளாதார நிலையங்களுக்கும் இதைக் கொண்டுபோகலாம் என்ற நம்பிக்கையை அதில் சேர்த்திருக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லத் தயாரானோம். பங்கு வீதத்தைச் சொல்லும்போது நீங்கள் சொல்வது வீதத்தை அல்ல, விலையை.

இப்போது கடைசிப் பகுதியை வாசித்துக் காட்டுகிறோம். பேச்சுத் தமிழில் இருப்பதைக் கவனியுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

"எங்களுக்கு வேணுமானது நாப்பத்தைஞ்சு லச்சம். இருபத்தைஞ்சு வீதப் பங்குக்கு. எல்லாத்தையும் இண்டைக்குக் கேக்கேல்ல. இப்ப பதினெட்டு. ஐஞ்சாம் மாசம் கொப்பியைப் பாருங்கோ. இருநூறு சுத்துக்கு ஒரு கூடைக்கு மேல துலைஞ்சிருந்தா மிச்சத்தைத் தரவேண்டாம். துலையேல்ல எண்டா இருபத்தேழு. ஒன்பதாம் மாசம் ஆயிரத்தி ஐந்நூறு கூடை, மாசம் ஒன்பதாயிரம் சுத்து ஓடும். வாற செவ்வாய் இரவு ரெண்டு மணிக்குச் சந்தைக்கு வந்து பாக்க ஆருக்கு ஏலும்?"

அந்தக் கடைசிக் கேள்விக்காக நாங்கள் சண்டை பிடித்தோம். எழுதுகிறவள் தொகையோடு முடிக்க விரும்பினாள். பேசுகிறவள், மேடையில் யாரும் காசோலை எழுதுவதில்லை, அன்று செய்யக்கூடிய ஒன்றையும் கேட்க வேண்டும் என்றாள். அவள் சொன்னதே சரி. ஒரு சந்திப்புக்கு நாள் சொல்லிக் கேட்டால் கை உயர்த்துவது இலகு. அதற்குப் பிறகு 'நன்றி' என்று ஒரு படம் போடாதீர்கள். தொகையும் தொலைபேசி எண்ணும் இருக்கும் படமே கேள்வி நேரம் முழுவதும் திரையில் நிற்கட்டும்.

முடிவு இப்படி அமைந்துவிட்டால், முன்னால் வருவதற்கு இடம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். முடிவுக்கு ஐம்பது விநாடி. மிச்சம் நான்கு நிமிடமும் சொச்சமும். அதில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதற்கு எங்களிடம் ஒரே அளவுகோல்தான்: கடைசியில் கேட்கப்போவதை நம்புவதற்கு இது தேவையா? விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்பது தேவையில்லை. வீணாகும் வீதம் தேவையில்லை, அங்கே இருந்தவர்கள் அதை நூறு முறை கேட்டவர்கள். அதற்குப் பதிலாக, ஒரு மூட்டை தக்காளியை இறக்கும்போது கடைக்காரர் எத்தனை கிலோவைக் கழிக்கிறார் என்று தங்கள் கொப்பியிலிருந்தே சொல்லச் செய்தோம். முதல் வசனம், "நாங்கள் தம்புள்ளைச் சந்தையில மரக்கறிக்குக் கூடை வாடகைக்குக் குடுக்கிறம்." அவ்வளவுதான். இரண்டு நிமிடம் கழித்தும் என்ன தொழில் என்று விளங்காமல் இருந்த பிட்ச்கள் எத்தனை கேட்டிருக்கிறோம்!

இன்னொரு முக்கால் நிமிடத்தை, யாரும் கேட்காத ஒரு கேள்விக்கு ஒதுக்கினோம். மரக்கறித் தொழில் தெரிந்த எவருக்கும் 2011 டிசம்பர் நினைவிருக்கும். மரக்கறியையும் பழத்தையும் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் விதி கொண்டுவந்தது. தம்புள்ளையிலும் மற்ற இடங்களிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது, விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. கூடை வாங்கப் பணம் யார் போடுவது? ஒரு லொறியில் மூட்டை ஏறும் அளவுக்குக் கூடை ஏறாதே, அந்த வாடகை நட்டம் யாருடையது? வெறுங்கூடையை யார் திருப்பிக் கொண்டுபோவது? எல்லாம் நியாயமான கேள்விகள். 'கூடை' என்ற சொல் காதில் விழுந்ததுமே கேட்பவர் மனதில் இது ஓடத் தொடங்கும், அது ஓடும்வரை நீங்கள் சொல்வது எதுவும் உள்ளே போகாது. ஆகவே நாமே சொல்லிவிட வேண்டும். குழுவின் பதில் இப்படி: அன்று கூடையை வாங்கச் சொன்னார்கள், நாங்கள் வாங்கச் சொல்லவில்லை. எங்கள் கூடை வெறுமையாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று அடையும், ஆகவே திரும்பும் பயணத்தில் இடம் குறைவு. ஏற்றும்போது இடம் கூடுதலாகத்தான் பிடிக்கும், அதனால் உருளைக்கிழங்குக்கும் பூசணிக்கும் நாங்கள் போவதில்லை, நசுங்கினால் விலை விழும் தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் மட்டும். 'எங்களால் எல்லாம் முடியும்' என்பதைவிட இந்தக் கடைசி வசனம் அதிகம் வேலை செய்தது.

அதுபோல, 2025 ஏப்ரலில் தம்புள்ளையில் இந்திய உதவியோடு 5,000 தொன் குளிரூட்டிய களஞ்சியம் திறக்கப்பட்டதே, இனிக் கூடை எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். அதற்கு உரையில் இடம் கொடுக்கவில்லை. தோட்டத்திலிருந்து வரும் வழியில் நசுங்கிய தக்காளியைக் குளிரில் வைத்தாலும் நசுங்கியதுதான் என்ற ஒரு வசனத்தைக் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொண்டோம். எல்லாச் சந்தேகத்துக்கும் உரைக்குள் பதில் சொல்லப் புறப்பட்டால் ஐந்து நிமிடம் ஐம்பதாகும். கேட்பவரின் காதை அடைக்கும் சந்தேகம் எதுவோ அதற்கு மட்டும் உள்ளே இடம்.

இனி நேரத்தைப் பற்றி. ஆங்கிலப் புத்தகங்கள் நிமிடத்துக்கு 130, 150 சொல் என்று சொல்லும். அதை நம்பித் தமிழில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். நம் சொற்கள் நீளம். 'வைத்திருக்கிறார்களென்றால்' என்பது தமிழில் ஒரு சொல்தான். எங்களில் ஒருத்தி நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் பேசுகிறாள், மற்றவள் மூச்சுவிடாமல் நூற்றுப்பத்து. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு நாங்கள் எழுதுவது நானூறு சொல்லுக்குள். மேடையில் ஒலிவாங்கியைச் சரிசெய்வதற்கும், படம் மாறுவதற்கும், யாராவது சிரித்தால் அது அடங்குவதற்கும் இருபது விநாடியாவது போகும். வீட்டில் நான்கு நிமிடம் நாற்பது விநாடியில் முடிந்தால்தான் அங்கே ஐந்தில் முடியும்.

எண்கள் இன்னொரு பொறி. தாளில் 1,247,500 என்று எழுதினால் ஒரு சொல்லளவுதான் தெரிகிறது. வாயால் சொல்லிப் பாருங்கள்: பன்னிரண்டு இலட்சத்து நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு. மூன்று விநாடி போய்விட்டது, கேட்டவர் மனதில் பன்னிரண்டு மட்டும் நின்றது. ஆகவே உரையில் எண்ணை இலக்கத்தில் எழுதாதீர்கள், வாயில் வருவதுபோல எழுத்தில் எழுதுங்கள். 'பன்னிரண்டரை லச்சம்' என்று எழுதினால் சுருக்க வேண்டியது கண்ணுக்கே தெரியும். துல்லியமான தொகை படத்திலும் கொப்பியிலும் இருக்கட்டும்.

பேச்சுத் தமிழில் எழுதச் சொன்னதற்கும் இதுவே காரணம். எங்கள் தமிழ் ஆசிரியை முன்வரிசையில் இருக்கிறார், மன்னிக்க வேண்டும். 'வழங்குகின்றோம்' என்று எழுதிக் கொடுத்தால் மேடையில் அந்தப் பிள்ளை அதைக் 'குடுக்கிறம்' என்று மனதில் மாற்றிக்கொண்டே பேச வேண்டும். அந்த மாற்றத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பாதி உரை மேடைத் தமிழிலும் பாதி வீட்டுத் தமிழிலும் வரும், இரண்டுக்கும் நடுவில் மறதி வரும். கொழும்பில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேச வேண்டியிருந்தால் இந்தத் தமிழ் உரையை மொழிபெயர்க்காதீர்கள். கடைசி வசனத்திலிருந்து மறுபடி அந்த மொழியில் கட்டுங்கள், நேரத்தையும் மறுபடி அளவெடுங்கள்.

அந்தக் குழுவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாம் முறை வேறோர் இடத்தில் பேசினார்கள். கைதட்டல் முதல் முறையைவிடக் குறைவு. ஆனால் மூன்று பேர் கொப்பியைக் கேட்டார்கள். ஒருவர் சொன்னபடியே செவ்வாய் இரவு இரண்டு மணிக்குச் சந்தைக்கு வந்து, கடை கடையாகப் போய் வைப்புப் பணம் உண்மையா என்று முதலாளிமாரிடம் விசாரித்தார். இருபத்தைந்துக்கு அவர் இணங்கவில்லை, முப்பது கேட்டிருக்கிறார். பேச்சு இன்னும் நடக்கிறது. இந்த முறை மூவருக்கும் ஒரே எண்தான் வாயில் வருகிறது.

ஒரு விஷயம் மீதி இருக்கிறது, மணி. எவ்வளவு பழகினாலும் ஒருநாள் இடையில் தடுமாறி நேரம் போய்விடும், பாதிக் கதையில் மணி அடிப்பார்கள், கேட்காமலே இறங்க வேண்டி வரும். அதற்காக உரைத்தாளில் நான்காம் நிமிடத்தில் வரவேண்டிய இடத்துக்கு நேராக ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுங்கள். எதிரே ஒரு தோழி கைத்தொலைபேசியோடு உட்கார்ந்து, நான்காம் நிமிடத்தில் பேனாவை உயர்த்தட்டும். நீங்கள் எந்த வசனத்தில் இருந்தாலும் அதை முடித்துவிட்டு நேரே 'எங்களுக்கு வேணுமானது' என்ற இடத்துக்குத் தாவுங்கள். நடுவில் விட்டது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தாவலையும் வீட்டில் இரண்டு மூன்று இடங்களிலிருந்து பழகி வையுங்கள்.

மேசையில் தாளும் சிவப்புப் பேனாவும் வைத்திருக்கிறோம். தேநீருக்கு முன் கடைசி வசனத்தை மட்டும் எழுதுங்கள்: எவ்வளவு, எதற்கு, எப்போது, எதை எண்ணிப் பார்க்கலாம். எழுதியவர்கள் கை உயர்த்துங்கள், நாங்கள் முதலீட்டாளர்போல வந்து கேட்கிறோம். கூட்டாளி பக்கத்தில் இருந்தால் அவரிடம் தனியாகக் கேட்போம்.